இரண்டாவது சாவி

கார் காணாமல் போன அன்று காலை அப்பா எனக்குப் போன் செய்யவில்லை. கிள்ளான் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர், தான்தான் நிறுத்திய இடத்தை மறந்துவிட்டோம் என்று நினைத்து ஒரு மணி நேரம் வரிசை வரிசையாகத் தேடியிருக்கிறார். முப்பது வருஷம் லோரி ஓட்டிய மனிதர். கடைசியில் போன் வந்தபோது முதலில் மீன் கெட்டுப்போச்சு என்றுதான் சொன்னார். அப்புறம்தான் "காடிய காணோம்டா" என்றார்.

அது என் பெயரில் இருந்த புரோட்டோன் பெர்சோனா. 2021 ஜனவரியில், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், 45,000 வெள்ளி லோன் போட்டு வாங்கியது. நான் ஷா ஆலம் தொழிற்சாலைக்குக் கம்பெனி வேனில் போய்விடுவேன். கார் உண்மையில் அப்பாவுடையது. அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போக, மார்க்கெட்டுக்கு, கல்யாணங்களுக்கு.

அன்றே இருவரும் பாலாய் போய் ரிப்போர்ட் கொடுத்தோம். தண்டனைச் சட்டத்தில் வாகனத் திருட்டுக்கென்றே 379A என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தபோது, நம் கார் அந்த எண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. அப்பா அந்தத் தாளை நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இன்சூரன்ஸ் ஃபுல் கவர்தானே? போட்ட காசு வந்துரும்" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இன்சூரன்ஸ் கம்பெனி கேட்ட தாள்கள் பெரிய மர்மம் எதுவும் இல்லை. போலீஸ் ரிப்போர்ட், கிளெய்ம் பாரம், என் ஐ.சி., கடைசியாக ஓட்டிய அப்பாவின் ஐ.சி.யும் லைசென்சும், கிரான் நகல், லோனில் எவ்வளவு பாக்கி என்று பேங்க் கொடுக்கும் கடிதம். எல்லாம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டன. இரண்டு விஷயங்கள் மட்டும் சேரவில்லை. ஒன்று, விசாரணை என்ன ஆனது என்று போலீஸ் தரும் கடிதம். அது விசாரணை முடிந்தால்தான் வரும், நம் அவசரத்துக்கு வராது. இன்னொன்று, சாவி. காரின் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

இரண்டாவது சாவி தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் தொலைந்தது. தொலைத்தது நான். அதற்கு நான் ரிப்போர்ட் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு சாவிக்குப் போய் யார் பாலாயில் வரிசை பிடித்து நிற்பார்கள்?

அப்பா சொன்னார்: "இருக்கிற சாவியக் கொண்டுபோய் பசார்ல ஒரு டூப்ளிகேட் போட்டுக் குடுத்துருவோம். அவனுக்கு என்ன தெரியும்?"

அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சாவியைக் கேட்பதே அதற்காகத்தான். கார் பூட்டை உடைத்துத் திருடப்பட்டதா, சாவி போட்டு ஓட்டிக்கொண்டு போகப்பட்டதா, அந்தச் சாவியை யாராவது விரும்பிக் கொடுத்தார்களா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. முன்பின் தெரியாதவன் திருடினால் அது திருட்டு. நாமே நம்பிச் சாவி கொடுத்தவன் காரோடு போய்விட்டால், அது பாலிசியின் கண்ணில் நம்பிக்கை மோசடி. அதற்குப் பணம் கிடையாது. என் பாலிசியில் அது தனி வரியாகவே இருந்தது. மருமகனுக்குக் கொடுத்தேன், அவன் திருப்பித் தரவில்லை என்று புலம்புகிற எத்தனை மாமாக்களை நமக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த வரி தெரியுமா என்று தெரியவில்லை.

இதில் புதிதாக வெட்டிய சாவியைப் பழைய சாவி என்று கொடுத்தால், உண்மையான திருட்டே பொய்க் கிளெய்ம் ஆகிவிடும். எனவே பெசுருஜாயா சும்பாவிடம் போய், சாவி எப்போது, எங்கே தொலைந்தது, ஏன் ரிப்போர்ட் செய்யவில்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதையும் இருந்த ஒற்றைச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அட்ஜஸ்டர் வீட்டுக்கு வந்தார். நம் ஆள்தான், என்னைவிடக் கொஞ்சம் வயது கூடிய பெண். அம்மா கொடுத்த தேநீரைத் தொடவே இல்லை. அப்பாவிடம்தான் அதிகம் கேட்டார். "அங்கிள், காடிய எந்த எடத்துல வச்சீங்க? எத்தன மணிக்கு? டிக்கெட் எடுத்தீங்களா? வீட்ல வேற யாரு ஓட்டுவாங்க?" அப்புறம் என்னிடம், லோன் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தேனா, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தேன் என்றார். பாக்கி நிறைய வைத்திருப்பவனுக்குக் கார் காணாமல் போவது வசதிதானே. அவர் வேலை அது. எனக்குப் புரிந்தது, அப்பாவுக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு, "நானே திருடி வித்துட்டேன்னு நெனக்கிறாளா?" என்று கேட்டுவிட்டு அன்று இரவு சாப்பிடாமல் படுத்தார்.

இதற்கு நடுவில் மாதாமாதம் 529 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தேன். இல்லாத காருக்கு. லோன் என்பது பேங்குக்கும் நமக்கும் உள்ள விவகாரம். கார் தொலைந்தது பேங்கின் பிரச்சினை இல்லை. கட்டாமல் விட்டால் பாக்கியும் அபராதமும் ஏறும், கடைசியில் வரும் இன்சூரன்ஸ் பணத்தில் அதுவும் கழியும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஐந்து தவணை. திருட்டு என்றால் தகவல் கொடுத்து ஆறு மாதத்துக்குள், அல்லது போலீஸ் விசாரணை முடிந்ததும், எது முந்துகிறதோ அப்போது பணம் தர வேண்டும் என்று என் பாலிசியில் இருந்தது. விபத்தில் நொறுங்கிய கார் என்றால் இப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. சிதைந்த கார் கண் முன்னால் நிற்கும். பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று அட்ஜஸ்டர் எழுதிவிட்டால் முழு இழப்பு, கம்பெனி காரை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடும். திருட்டில் காட்டுவதற்கு எதுவும் இல்லை, அதுதான் சிக்கல்.

மார்ச் கடைசியில் போலீஸ் கடிதம் வந்தது. ஏப்ரலில் கம்பெனி எனக்கு ஒரு தொகை சொன்னது: 26,000 வெள்ளி.

காணாமல் போன நாளில் அந்தக் காரின் சந்தை மதிப்பு 30,000 என்று அவர்களே தாளில் போட்டிருந்தார்கள். அப்படியானால் ஏன் 26,000? போன் செய்தேன். மறுமுனையில் இருந்தவர் சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "நீங்க போட்டது இருபத்தாறுதான் சார்."

நான்தான் போட்டேன். 2024 ஜனவரியில் இன்சூரன்ஸ் புதுப்பித்தபோது திரையில் 32,000 என்று சந்தை மதிப்பு வந்தது, பக்கத்திலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டை. இழுத்து 26,000க்குக் கொண்டுவந்தேன். மூன்று வருஷம் கிளெய்ம் இல்லாததால் கிடைத்த 38.33 விழுக்காடு என்.சி.டி. கழிவுக்குப் பிறகு, அதனால் மிச்சமானது ஏறக்குறைய 96 வெள்ளி. அப்பாவிடம் சொல்லவில்லை. "ஃபுல் கவர்" என்றுதானே தாளில் இருக்கிறது. பொறியியல் படித்தவன், புத்திசாலித்தனமாக ஏதோ செய்துவிட்டதாக நினைத்தேன்.

கணக்கு இதுதான். சாதாரணப் பாலிசியில் முழு இழப்புக்கு இரண்டு எண்களை எடுத்துக்கொள்வார்கள்: நாம் போட்ட காப்புத் தொகை, இழந்த நாளின் சந்தை மதிப்பு. எது குறைவோ அதுதான் கிடைக்கும். நான் 32,000 போட்டிருந்தாலும் 32,000 வந்திருக்காது, 30,000தான் வந்திருக்கும், ஏனென்றால் பத்து மாதத்தில் கார் பழசாகியிருக்கிறது. அதிகமாகப் போட்டால் லாபம் இல்லை, குறைத்துப் போட்டால் நஷ்டம் உண்டு. கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில், ஒப்புக்கொண்ட தொகை அப்படியே கிடைக்கும் பாலிசியும் இருக்கிறது. அதில் இந்தத் தேய்மானச் சண்டையே இல்லை. லோன் இருக்கிறவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது இப்போது என் கருத்து.

அடுத்து பேங்க். என் லோன் ஒன்பது வருஷம், மூன்று விழுக்காடு நிரந்தர வட்டி. மொத்த வட்டி 12,150, மொத்தம் 57,150, அதை 108 தவணையாகப் பிரித்தால் 529 வெள்ளி 17 காசு. ஏப்ரல் வரை 51 தவணை கட்டியிருந்தேன், ஏறக்குறைய 27,000 வெள்ளி. பாக்கி 57 தவணை, 30,162 வெள்ளி சொச்சம். முன்கூட்டியே முடித்தால் இனி ஓட வேண்டிய வட்டியில் கழிவு உண்டு. ஆனால் அந்தக் கழிவை மாதத்துக்குச் சமமாகப் பிரிக்க மாட்டார்கள். முதல் மாதத்துக்கு 108 பங்கு வட்டி, இரண்டாம் மாதத்துக்கு 107, இப்படியே இறங்கிக் கடைசி மாதத்துக்கு ஒரு பங்கு. மொத்தம் 5,886 பங்கு. மிச்சமிருந்த 57 மாதங்களுக்கு அதில் 1,653 பங்குதான். 12,150ஐ 5,886ஆல் வகுத்து 1,653ஆல் பெருக்கினால் 3,412 வெள்ளி. அதாவது நேரத்தில் பாதிக்கு மேல் பாக்கி இருந்தும் வட்டியில் கால்பங்குக்குச் சற்று மேல்தான் திரும்புகிறது. 30,162இல் அதைக் கழித்தால் பேங்குக்குக் கொடுக்க வேண்டியது 26,750.

இன்சூரன்ஸ் 26,000ஐ நேராகப் பேங்குக்குக் கொடுத்தது. கார் லோனில் இருக்கும்வரை முதல் உரிமை பேங்குக்குத்தான். மீதி 750 வெள்ளியை நான் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். ஒழுங்காகப் போட்டிருந்தால் 3,250 வெள்ளி எங்கள் கைக்கு வந்திருக்கும், ஒரு பழைய காருக்கு முன்பணமாக. அந்த என்.சி.டி.யும் போயிற்று, அடுத்த வருஷம் 45 ஆகியிருக்க வேண்டியது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். பட்டையை இழுத்தது, 96 வெள்ளி, 4,000 வெள்ளி, எல்லாவற்றையும். ஒரு தாளில் எழுதியே காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு வந்தப்போ இதச் சொன்னியா?"

"இதுல சொல்ல ஒண்ணும் இல்லப்பா. அவங்ககிட்ட இருந்த தாள்லயே இருக்கு."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தாளை நான்காக மடித்தார்.

இந்த வருஷம் ஒரு பழைய சாகா வாங்கினோம், இரண்டு சாவியோடு. ஒன்று அம்மாவின் பீரோவில் இருக்கிறது. இன்சூரன்ஸ் எடுக்க நான் லேப்டாப்பைத் திறந்தபோது, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு காட்டுது?" என்றார். "கைய வைக்காத. அப்படியே போடு."