பழைய பில்லில் கிடந்த 1,800 ரூபாய்

கரையான்சாவடியில் நான் உரம் வாங்குற கடையில், நாத்து விடும்போது கடனா வாங்கி அறுப்பு முடிஞ்சதும் கட்டுறது வழக்கம். கடைக்காரர் ஒவ்வொரு பில்லையும் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஒரு வரியா எழுதுவார். பக்கம் நிறைஞ்சா கூட்டி, அந்தத் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் 'முன்பக்க பாக்கி'ன்னு போட்டுத் தொடர்வார்.

போன வருஷம் அவர் மகள் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏத்துச்சு. "கூட்டுத்தொகையை மட்டும் அடிம்மா, போதும்"னு அப்பா சொன்னார். பொண்ணு கேக்கல. தேதி, பில் நம்பர், சரக்கு, எத்தனை மூட்டை, என்ன விலை, எல்லாத்தையும் தனித்தனியா அடிச்சுது. கூட்டுறதை கம்ப்யூட்டர்கிட்ட விட்டுது. அதனாலதான் விஷயம் வெளிய வந்துச்சு.

2009 சம்பா கணக்கில் ஒருத்தர் பக்கம். பில் ஒவ்வொண்ணும் பேரேட்டு வரியோட ஒத்துப்போச்சு. பக்கத்தின் கூட்டும் சரி, 3,570 ரூபாய். ஆனா அடுத்த பக்கத்தின் தலையில் இருந்தது 5,370. வித்தியாசம் 1,800.

அந்தப் பொண்ணு முதல்ல பார்த்தது 1,800 ஒன்பதால் வகுபடுதான்னுதான். ரெண்டு இலக்கம் இடம் மாறினா வர்ற வித்தியாசம் எப்பவும் ஒன்பதால் மீதியில்லாம வகுபடும். இங்க ஆயிரத்தில் இருந்த 3-ம் நூறில் இருந்த 5-ம் இடம் மாறியிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் 2. அதை 900-ஆல் பெருக்கினா 1,800. இது துப்புதான், சாட்சி இல்ல. வேற தப்பிலயும் அப்படி வகுபடலாம், தான் அடிச்சதுலயே பிசகியிருக்கலாம். அதனால பேரேட்டையே எடுத்து அப்பா முன்னாடி விரிச்சு வெச்சுது.

அந்த 1,800 ரூபாய்க்காக அன்னைக்குக் கடைவாசல்ல பெரிய சண்டை. "நான் அவ்வளவு வாங்கவே இல்ல"ன்னு அவர் கத்தினார். கடைக்காரர் கடைசியா எழுதின பக்கத்தையே திருப்பித் திருப்பிக் காட்டினார். முன்பக்கத்தைப் புரட்டி யாரும் கூட்டிப் பார்க்கல. மனுஷன் பணத்தைக் கட்டிட்டுப் போனவர்தான், அப்புறம் அந்தக் கடைப்பக்கமே வரல. வாங்கிட்டு இல்லைன்னு சாதிக்கிறவன்னு ஊர்ல பேர் ஆயிடுச்சு. இப்ப அவர் உயிரோட இல்ல.

கடைக்காரர் பணத்தோட அவர் வீட்டுக்குப் போனார். அந்தம்மா பணத்தைத் தொடல. "அண்ணே, அந்த ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எம்புள்ளைக்கு அனுப்புங்க. அவங்கப்பா பொய் சொல்லலன்னு அவன் பார்க்கணும்"னாங்க.

அன்னைக்கு ராத்திரியே படத்தை அனுப்பிடுச்சு அந்தப் பொண்ணு. இப்ப மத்தவங்க பக்கங்களையும் இதே மாதிரி சரிபார்த்துக்கிட்டு இருக்கு, கடைக்கு வரவேண்டியது விட்டுப்போனதையும் சேர்த்து.