சான்றிதழில் இல்லாத கணக்கு

ஓர் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்களை முதலில் படித்துப் பிரித்துக் கமிட்டிக்கு அனுப்பும் வேலை என்னுடையது. ஜூலை பாதியில் தொடங்கும் மெயில்கள் செப்டம்பர் வரை வந்துகொண்டிருக்கும். பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளே அதிகம். அப்பா தறி ஓட்டுபவராக இருப்பார், இல்லாவிட்டால் கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பார். படிவம் எல்லோருக்கும் ஒன்றுதான். மதிப்பெண்ணும் வருமானச் சான்றும் கல்லூரி ரசீதும் அதோடு வந்துவிடும். அவற்றைச் சுமந்து வருகிற மெயிலில் மட்டும், ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி ஏழைக் குடும்பம், உதவவும் என்று முடிகிற நாலு வரி இருக்கும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் அந்த நாலு வரி தயாராகவே கிடக்கிறது. பெயரை மாற்றினால் போதும்.

ஏழை என்பதை வருமானச் சான்றே சொல்லிவிடுகிறது. அதைத் திரும்பச் சொல்ல மெயில் தேவையில்லை. காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சில கேள்விகள் எழும். அவற்றுக்குப் பதில் எந்தச் சான்றிதழிலும் இருக்காது. பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே இடம் அந்த மெயில்தான்.

2025இல் கரடிவாவிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்திருந்தாள். அடையாளம் தெரியாமலிருக்கத் தொகைகளைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டாவது அரசுப் பள்ளியில் படித்தவள். கவுன்சலிங்கில் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. கிடைத்திருக்கிறது. இதைப் பார்த்ததும் படிப்பவர் கை நின்றுவிடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். அதுபோக, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழும். அப்புறம் எங்களிடம் எதற்குப் பணம்? இந்தக் கேள்வியோடு அந்தத் தாள்கள் ‘பிறகு பார்க்கலாம்’ அடுக்குக்குப் போய்விடும். அந்த அடுக்கிலிருந்து திரும்பி வருபவை குறைவு.

போன் செய்து கேட்டேன்.

“ஆறாவதும் ஏழாவதும் மெட்ரிக் ஸ்கூல்லைங்க சார். அப்ப தறி நல்லா ஓடுச்சுங்க. கொரோனால ஃபீஸ் கட்ட முடியாம எட்டாவதுக்கு கவர்மெண்ட் ஸ்கூல்ல சேத்துட்டாங்க.”

விஷயம் அங்கேதான் இருந்தது. இந்த இரண்டு சலுகைகளுக்கும் ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் பெற்றுத் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர்களுக்கு விலக்கு உண்டு. இவள் கட்டணம் கட்டிப் படித்தவள். தறி ஓடிய இரண்டு வருஷத்துக்காக, தறி நின்றபின் கிடைத்திருக்க வேண்டிய இரண்டும் போய்விட்டன. 2020இல் இப்படிப் பள்ளி மாறிய பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவர்களில் ஒருவர்கூட இதை மெயிலில் எழுதுவதில்லை. கேட்டால், “அதான் டி.சி.யில இருக்குதுங்களே” என்கிறார்கள். பன்னிரண்டாவது டி.சி.யில் ஆறாவது இருக்காது.

“இதையெல்லாம் எழுதி இன்னொரு மெயில் போடு அம்மணி” என்றேன். தமிழிலேயே எழுதச் சொன்னேன். இரண்டு நாளில் வந்தது:

“கரடிவாவி அருகில் வசிக்கிறேன். பி.இ. முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். 6, 7ஆம் வகுப்புகளைக் கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீடும் புதுமைப்பெண் உதவியும் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் பட்டதாரி சலுகை கிடைத்துள்ளது. அது போகக் கல்விக் கட்டணம் 30,000, கல்லூரிப் பேருந்து 18,000, தேர்வுக் கட்டணமும் புத்தகமும் 8,000, ஆக 56,000 ரூபாய். அப்பா 20,000 கட்டிவிட்டார். மாமா 10,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். மீதி 26,000 ரூபாயைச் செப்டம்பர் 15க்குள் கட்ட வேண்டும். அப்பாவுக்குத் தறி ஓடும் வாரத்தில் 4,500 ரூபாய் கூலி. மார்ச், ஏப்ரலில் தறிகள் நின்ற வாரங்களில் கூலி இல்லை. இணைத்துள்ள வருமானச் சான்றில் ஆண்டுக்கு 72,000 என்று உள்ளது. சரியான தொகைக்குப் புதிய சான்று கேட்டு விண்ணப்பித்துள்ளேன். வந்ததும் இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புகிறேன்.”

உதவி என்ற சொல் அதில் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் அரசுத் திட்டத்தைப் பற்றி. கமிட்டிக்கு வேண்டிய தொகையும் தேதியும் இருக்கின்றன. மாமா தருவது இன்னும் கைக்கு வரவில்லை என்பதைக்கூட மறைக்காமல் எழுதியிருந்தாள்.

வருமான விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 72,000 என்ற தொகையை எத்தனையோ சான்றுகளில் பார்த்தாயிற்று. மாதம் 6,000 என்று போட்டுக் கொடுத்தால் அதுதான் வரும். வாரம் 4,500 கூலி வாங்குபவருக்கு, ஐம்பத்திரண்டு வாரமும் தறி ஓடினால் ஆண்டுக்கு 2,34,000 ஆகிறது. 2025இல் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அதைக் கழித்தாலும் 72,000க்குப் பக்கத்தில் வராது. வீட்டுக்கு விசாரிக்கப் போகிறவர் முதலில் கேட்பது வாரக்கூலியைத்தான். அங்கே தொகை மாறினால் மதிப்பெண் முதற்கொண்டு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிடும். எங்கள் அறக்கட்டளையின் வருமான வரம்புக்குள் உண்மைத் தொகை வராவிட்டால் உதவி கிடைக்காது, அவ்வளவுதான். அதற்காகத் தொகையைக் குறைத்து எழுதச் சொல்ல மாட்டேன். இந்தப் பெண்ணின் கடிதத்தைப் பார்த்துக் கமிட்டியில் ஒருவர் முகம் சுளித்தார். சான்றில் இருப்பதைவிட வருமானம் அதிகம் என்று தானே எழுதுகிற பிள்ளையை நம்பலாம் என்பது என் கட்சி. புதிய சான்று வந்த பிறகு 26,000 ரூபாய் கல்லூரிக்கே நேராகப் போனது.

எழுதியது சரியாக இருந்தும் கெட்டுப்போகிற மெயில்கள் உண்டு. டி.டி.பி. கடையில் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே மெயிலில் ஒட்டினால், எங்கள் திரையில் தமிழ் வராது. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். போனில் தமிழ் கீபோர்டில் அடித்தால் யூனிகோடில் போகும், எங்கும் தெரியும். இன்னும் சிலர் கையால் எழுதிய கடிதத்தைப் படம்பிடித்து இணைத்துவிட்டு மெயிலைக் காலியாக விடுகிறார்கள். இன்பாக்ஸில் தலைப்பும் முதல் வரியும்தான் கண்ணில் படும். காலி மெயிலுக்கு அங்கே ஒன்றுமே இருக்காது.

இணைப்புகள் 25 எம்.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் அவற்றை டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். பார்க்கும் அனுமதியைத் திறந்துவிடாமல் அனுப்பினால், திறக்கப் போகிற எங்களை அனுமதி கேட்கச் சொல்லும். கேட்டாலும், அனுப்பிய பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. பத்துப் போட்டோக்களை அனுப்புவதைவிட, ஒவ்வொரு சான்றையும் சிறிய பி.டி.எஃப். ஆக்கி, அது என்ன சான்று என்பதையே கோப்பின் பெயராக வைத்தால் தொல்லை இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது சென்டர்காரரின் முகவரியிலிருந்து மெயில் அனுப்புவது. நாங்கள் கேட்கும் கேள்வி அவருடைய இன்பாக்ஸில் போய் விழும். பிள்ளை அங்கே மறுபடி போகும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும். சொந்தமாக ஒரு முகவரி தொடங்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. வீட்டு போனில் ரீசார்ஜ் தீர்ந்துபோகும் என்று தெரிந்தால், பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் கேட்டு மெயிலில் எழுதிவிடுங்கள். இந்த வருஷம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். பதில் அங்கே கிடக்கலாம்.