மெதுவான கை

துவாக்குடியில் நான் வேலை பார்த்த பட்டறையில் ஆய்வு அறைக்குப் பெண்களைத்தான் எடுப்பார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வரும்: "பொம்பளைங்க கை மெதுவா இருக்கும்." ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்க்கிற இடத்துக்கு மெதுவான கை வேண்டுமாம். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். கூலிக்கு வரும்போது அதே சொல் வேறு வேலை செய்யும். கிரைண்டிங் இயந்திரத்தில் நிற்பவருக்குக் கைத்தொழில் தெரியும் என்று ஒரு கூலி. எங்களுக்குப் பிறவியிலேயே கை அப்படி என்பதால் அதைவிடக் குறைந்த கூலி.

அந்தக் கை என்ன செய்கிறது என்பதை ஒரு ஜாப்பை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பிக்ஸ்ச்சருக்கான சாய்வுக்கட்டை வந்தது. மேல்முகம் 14 டிகிரி 15 நிமிடம் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கூடலாம், குறையலாம். இங்கே நிமிடம் என்பது ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. கிரைண்டிங்கில் இருந்த அண்ணன் பெவல் புரோட்ராக்டரில் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பியிருந்தார். அவர் பார்த்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் கருவி ஐந்து நிமிடத்துக்குக் கீழே படிக்காது. இரண்டு நிமிடத்தைப் பார்க்கச் சைன் பார் வேண்டும்.

சைன் பார் என்பது கடினமாக்கிய எஃகுச் சட்டம். இரண்டு முனையிலும் ஒரே பருமனுள்ள ரோலர்கள் இருக்கும். எங்களுடையதில் ஒரு ரோலரின் மையத்திலிருந்து இன்னொன்றின் மையம் வரை 200 மில்லிமீட்டர். ஒரு ரோலர் சர்ஃபேஸ் பிளேட்டில் உட்காரும். மற்றதை ஸ்லிப் கேஜ்களை அடுக்கித் தூக்குவோம். பள்ளிக்கூடத்தில் வரைந்த செங்கோண முக்கோணம்தான். சாய்ந்த பக்கம் 200. எவ்வளவு தூக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. 14°15′-இன் சைன் மதிப்பு 0.246153. அதை 200-ஆல் பெருக்கினால் 49.231 வருகிறது.

அந்த 49.231-ஐ, 87 துண்டுகள் உள்ள பெட்டியிலிருந்து சேர்க்க வேண்டும். கடைசி இலக்கத்திலிருந்து தொடங்குவோம். ஆயிரத்தில் ஒன்றுக்காக 1.001. மீதி 48.230; அதற்கு 1.23. மீதி 47, அதற்கு 7-ம் 40-ம். நான்கே துண்டு. துண்டுகள் குறையக் குறையப் பிழை சேரும் இடமும் குறையும்.

பெண்களின் கை என்று சொல்லப்படுவது இனிமேல்தான் வருகிறது. துண்டுகளைச் சும்மா ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நடுவில் காற்றும் தூசியும் இருக்கும். அவற்றை ஒட்ட வைக்க வேண்டும்; ரிங்கிங் என்போம். முகத்தைச் சாமோய் தோலால் துடைத்து, இரண்டையும் குறுக்காக வைத்து, லேசாக அழுத்திச் சறுக்கித் திருப்பினால், பசையும் காந்தமும் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். தூக்கினால் கீழ்த்துண்டும் கூடவே வரும். நடுவில் ஒரு மணல் துகள் இருந்தால் சறுக்கும்போதே விரலுக்கு ஒரு கரகரப்பு தெரியும். அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும். மேலும் அழுத்தினால் இரண்டு முகமும் கீறிப்போகும். பிறகு அந்தத் துண்டை நம்ப முடியாது. அந்தக் கரகரப்பை அடையாளம் காண எனக்கு மாதங்கள் ஆயின. என்னோடு பழகிய பையனுக்கும் அதே அளவு காலம்தான் ஆனது.

ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருந்த தெருவில் பூக்கட்டும் அக்காக்களைப் பற்றியும் இதையேதான் சொல்வார்கள்: கைராசி, கைவாகு. பத்து வயதிலிருந்து கட்டிப் பழகிய வேகத்தை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லை. அவர்கள் பூவை விற்பதோ முழக்கணக்கில். ஒவ்வொரு கைக்கும் முழம் மாறும். குட்டை முழம், நெட்டை முழம் என்று வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்லிப் கேஜ் வந்ததே அந்தச் சண்டையை நிறுத்தத்தான். சுவீடன் நாட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யோஹான்சன் 1896-இல் 102 துண்டுகள் கொண்ட தொகுதியைத் திட்டமிட்டார். அவற்றைத் தேய்த்து முடிக்க, வீட்டிலிருந்த மனைவியின் தையல் இயந்திரத்தைத்தான் மாற்றி அமைத்துக்கொண்டார். கருவிக்கு அவர் பெயர் வந்தது.

அடுக்கு தயாரானதும் உடனே ஜாப்பை ஏற்றுவதில்லை. முதலில் சைன் பாரை இரண்டு ரோலரும் பிளேட்டில் படும்படி வைத்து, மேலே டயலை ஓட்டிப் பார்க்க வேண்டும். முள் அசையக் கூடாது. பிறகு ஒரு ரோலருக்குக் கீழே அடுக்கை வைத்து, மேலே கட்டையை வைத்தோம். கட்டையின் பருத்த பக்கம் பாரின் தாழ்ந்த முனையில் இருந்தது. பாரின் ஏற்றமும் கட்டையின் இறக்கமும் சமமானால் மேல்முகம் பிளேட்டுக்கு இணையாக வரும். டயல் முள் நிற்கும். எங்களுக்கு நிற்கவில்லை. 100 மில்லிமீட்டர் தூரத்தில், பாரின் உயர்ந்த முனையை நோக்கி 0.09 ஏறியது. அந்தத் தூரத்தில் ஒரு நிமிடம் என்பது சுமார் 0.029. ஆகவே கட்டை மூன்று நிமிடம் குறைவு. 14°12′.

"உன் தலைமுடி கீழ விழுந்திருக்கும், பாரும்மா," என்றார் அண்ணன். அவர் கிண்டலாகச் சொன்னாலும் கேள்வி சரியானதுதான். ரோலருக்கு அடியில் 0.06 பருமனுள்ள ஒரு முடி கிடந்தால் கோணம் ஒரு நிமிடம் மாறும். அது யார் தலைமுடியானாலும் அவ்வளவுதான் மாறும். பிளேட்டையும் ரோலரையும் அவர் எதிரிலேயே மறுபடி துடைத்தேன். அடுத்து, பாரை முனை மாற்றித் திருப்பி, மற்ற ரோலருக்குக் கீழே அடுக்கை வைத்தேன். ரோலர்களில் ஒன்று தேய்ந்திருந்தால் அதன் பிழை இப்போது எதிர்ப்பக்கம் காட்டும், அளவு மாறும். மாறவில்லை. அதே 0.09.

"வெயிலுக்கு எல்லாமே நீண்டிருக்கும் அண்ணே, ஆனா இதுக்கு அது கணக்கில்லை," என்றேன். நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியசுக்குச் சொல்லப்பட்டவை. சித்திரையில் திருச்சிப் பட்டறை அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. ஆனால் கோணம் இரண்டு நீளங்களின் விகிதம். பாரும் எஃகு, துண்டுகளும் எஃகு. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் ஒரே விகிதத்தில் நீளும், கோணம் மாறாது. ஒன்றை மட்டும் கையில் வைத்துச் சூடாக்கினால்தான் தொல்லை. அதனால்தான் அடுக்கியதும் எல்லாவற்றையும் பிளேட்டில் ஆறவிட்டுவிட்டு அளக்கிறோம்.

அவரே டயலை ஓட்டிப் பார்த்தார். "சரிம்மா, மெல்லிசுப் பக்கம் எடுக்கணும்," என்றார். உயரத்தில் எடுக்க இடம் இருந்தது. அதே சைன் பார் அமைப்பில் வைத்து அரைத்தபோது முள் 0.01-க்குள் நின்றது.

சைன் பாருக்கும் எல்லை உண்டு. 45 டிகிரிக்கு மேலே போனால், அடுக்கில் வரும் அதே சிறு பிழை கோணத்தில் பெரிதாகத் தெரியும். 15 டிகிரியில் ஐந்து விநாடி மாற்றுகிற 0.005 பிழை, 75 டிகிரியில் இருபது விநாடி மாற்றும். அங்கே ஜாப்பைத் திருப்பி, 90-இல் மீதமுள்ள கோணத்தை அளப்போம். எந்த இடத்தில் கருவியை நம்பக் கூடாது என்று தீர்மானிப்பதும் இந்த வேலைதான்.

அந்த வருடம் கூலி பேசும்போது நாங்கள் மூன்று பேர் ஒரு தாளில் இதையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தோம்: அடுக்கைக் கணக்கிடுவது, ரிங்கிங், பாரைச் சோதிப்பது, விலகலைக் கோணமாக மாற்றுவது, எந்தப் பக்கம் எவ்வளவு அரைக்க வேண்டும் என்று சொல்வது. மேலாளர் படித்துவிட்டு, "இவ்வளவு இருக்கா?" என்றார். கூலி பாதி தூரம்தான் ஏறியது. ஆனால் அடுத்த ஆளை எடுக்கும்போது விளம்பரத்தில் பெண்கள் என்று போடவில்லை. சைன் பார் அமைக்கத் தெரிந்தவர் என்று போட்டார்கள்.