பதக்கம் காட்டாத எண்

பட்டமளிப்பு விழாவில் பொற்பதக்கம் பெறும் மாணாக்கரைப் பலரும் பாராட்டுவர். அவர்கள் பாராட்டுவது தேர்வில் பெற்ற முதன்மையை. ஆய்வு நெறியாளரின் பாராட்டோ சற்று வேறானது. மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத ஒன்றை அவர் முன்னரே கண்டிருப்பார். வேதியியலில் முதுநிலைப் பட்டமும் பொற்பதக்கமும் பெற்ற மாணவி ஒருத்தியை அவளுடைய பேராசிரியர் வாழ்த்திய செய்தி இதனை விளக்கும்.

அம்மாணவி இளநிலை வகுப்பில் பயின்றபொழுது, ஒரு வாரம் முழுவதும் ஒரே சோதனையைச் செய்யவேண்டியிருந்தது. 20 மில்லி லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குடுவையில் எடுத்து, பினால்ப்தலீன் என்னும் நிறங்காட்டியில் இரண்டு துளி சேர்த்தல் வேண்டும். பின்பு, பியூரெட்டு என்னும் அளவுக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுதல் வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் தோன்றி நிலைக்கும் இடமே முடிவு நிலை. அமிலம், காரம் ஆகிய இரண்டின் செறிவும் ஒன்றாகையால் 20 மில்லி லிட்டர் காரமே செலவாதல் வேண்டும்.

திங்கட்கிழமை அவள் கண்ட அளவு 20.0, புதன்கிழமை 20.2, வெள்ளிக்கிழமை 20.5. பிற மாணாக்கருட் பலர் விடை இன்னதென்று முன்பே அறிந்திருந்தமையால், மூன்று நாளும் 20.0 என்றே எழுதினர். அவளோ கண்டதைக் கண்டவாறே எழுதினாள். செய்முறைப் பயிற்றுநர் அவ்வெண்களைச் சிவப்பு மையாற் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தார்.

குறிப்பேடுகளைப் பார்வையிட்ட பேராசிரியர் அவளை அழைத்து, “இவ்வெண்ணை ஏன் திருத்தவில்லை, அம்மா?” என்று வினவினார். “ஐயா, ஒவ்வொரு நாளும் மூன்று முறை செய்து பார்த்தேன், அன்றன்று ஒரே அளவுதான் வந்தது. நாள் செல்லச்செல்லத்தான் கூடுகிறது” என்றாள் அவள்.

பேராசிரியர் அவ்விடையில் ஒரு நுட்பத்தைக் கண்டார். கைத்தவறும் கண்தவறும் அளவை ஒருகால் கூட்டும், ஒருகால் குறைக்கும். இவ்வளவோ ஒரே பக்கமாகச் சென்றது. ஆகவே அதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அவர் அதனைக் கூறிவிடவில்லை. “புட்டியில் உள்ள காரத்தில் நாள்தோறும் மாறுவது யாது? எண்ணிப் பார்” என்று மட்டும் சொன்னார்.

அவள் புட்டியை எடுத்துப் பார்த்தாள். அதன் மூடி தளர்ந்திருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் காரம் ஈர்த்துக்கொள்ளும். அதனால் அதில் ஒரு பகுதி சோடியம் கார்பனேட்டாக மாறும். பினால்ப்தலீன் நிறம் மாறும்பொழுது கார்பனேட்டின் வலிமையில் பாதியே கணக்கில் வரும். எனவே மிகுதியான கரைசல் செலவாகும். இக்கருத்தை அவள் மூன்று வழிகளில் சோதித்தாள். பழைய கரைசலிற் சிறிது எடுத்துப் பேரியம் குளோரைடைச் சேர்த்தபொழுது, கார்பனேட்டு உண்டு என்பதைக் காட்டும் வெண்ணிற வீழ்படிவு தோன்றியது. அதே பழைய கரைசலை மெத்தில் ஆரஞ்சு என்னும் நிறங்காட்டியைக்கொண்டு அளந்தபொழுது 20.0 வந்தது, ஏனெனில் அந்நிறங்காட்டியில் கார்பனேட்டின் வலிமை முழுவதும் கணக்கில் வரும். கொதிக்கவைத்து ஆற்றிய நீரிற் புதுக் கரைசல் செய்து இறுக மூடிவைத்தபொழுது, வாரம் முழுவதும் அளவு மாறவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பன்று. வேதியியலார் நெடுங்காலமாக அறிந்ததே. ஆயினும் அவள் அதனை நூலைப் பார்த்து எழுதாமல், தன் எண்ணை நம்பித் தானே தேடி அடைந்தாள். அன்றே பேராசிரியர் அவளைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு உரியவள் என்று மனத்துட் கொண்டார்.

பட்டமளிப்பு நாளில், பதக்கத்தைக் காட்டி வணங்கிய மாணவியிடம் அவர் பின்வருமாறு கூறினார்:

“அம்மா, இப்பதக்கம் நீ விடையறிந்த வினாக்களுக்குக் கிடைத்தது. அதுவும் உழைப்பின் பயனே, மகிழ்ச்சி. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த 20.5 என்னும் எண். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு மிகுதியான எடையுடையதாக இருப்பதை ராலே என்னும் அறிஞர் கண்டார். அச்சிறு வேறுபாட்டை அவர் தள்ளிவிடவில்லை. 1894ஆம் ஆண்டில் அவரும் ராம்சேயும் ஆர்கான் என்னும் வாயுவைக் கண்டறிந்தது அதனாலேயே. ஆனால் ஒன்றை மறவாதே. ஒவ்வாத எண்கள் பெரும்பாலும் கழுவாத குடுவையால் வருவன. மீண்டும் மீண்டும் வருகிறதா, ஒரே பக்கமாகச் செல்கிறதா, ஐயுற்ற காரணத்தை நீக்கினால் மறைகிறதா என்று பார்த்த பின்பே அதனை நம்புதல் வேண்டும். இனி நீ செய்யப்போகும் ஆய்வில் சரியான விடை இன்னதென்று சொல்ல நானும் அறியேன். உன் குறிப்பேடு ஒன்றே சான்று.”

அவள் அடுத்த வாரமே ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தாள். முதல் நாளில் அவள் செய்த வேலை, காரப் புட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததே.