ஃபார்வர்டு செய்யும் முன் ஓர் அழைப்பு



எங்கள் முஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ஏறத்தாழ எண்ணூறு பேர் இருக்கிறார்கள். அதன் நிர்வாகிகளுள் ஒருவன் என்ற முறையில், குழுவின் விதிகளை அன்புடன் நினைவூட்டுகிறேன்.

ஜனாஸா அறிவிப்பு, தொழுகை நேர மாற்றம், ஜமாஅத் செய்தி, மருத்துவ உதவி ஆகியவற்றுக்காகவே இக்குழு தொடங்கப்பட்டது. சென்ற மாதம் ஒருநாள், அஸருக்குப் பின் நல்லடக்கம் என்ற அறிவிப்பு லுஹர் நேரத்தில் வந்தது. அதன்மேல் அரசியல் காணொளிகளும் வாழ்த்துப் படங்களும் குவிந்துவிட்டன. மய்யித்தின் நெருங்கிய நண்பர் ஒருவர் மஃரிபுக்குப் பிறகே அதைக் கண்டார். தவறிய ஜமாஅத்தைத் திரும்ப நடத்த இயலாது.

இரத்தம் கேட்டு வரும் ஃபார்வர்டுகளிலும் கவனம் தேவை. அண்மையில், "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" என்று ஒரு செய்தி வந்தது. தேதி இல்லை, மருத்துவமனையின் பெயரும் இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தது. அழைத்துப் பார்த்தேன். எடுத்த பெண்மணி, தம் தந்தை வஃபாத்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார். இன்றும் யாராவது அழைத்து, "அத்தாவுக்கு இரத்தம் கிடைத்ததா?" என்று கேட்கிறார்களாம். நன்மையை நாடிச் செய்த பகிர்வுதான் அவருடைய துயரத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுகிறது.

ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறை கைமாறி வந்தது என்று பொருள். அது பொய் என்பதற்கு அக்குறி சான்றாகாது; விசாரிக்க வேண்டும் என்பதற்கான அடையாளமே. குறி இல்லாததும் உறுதியன்று. நகலெடுத்து ஒட்டிய செய்தியில் அம்புக்குறி தோன்றாது. ஆகவே தேதியும் மருத்துவமனையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை நீங்களே அழைத்து, தேவை இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, "இன்று காலை பத்து மணிக்கு விசாரித்தேன்" என்று எழுதிப் பகிருங்கள். இரத்தம் கிடைத்தவுடன் அதையும் குழுவில் அறிவித்துவிடுங்கள்.

விசாரிக்காமல் செயல்பட்டால், அறியாமையால் பிறருக்குத் தீங்கு செய்து பின்னர் வருந்த நேரிடும் என்று சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்தப் பெண்மணியின் குரலைக் கேட்டபின் அவ்வசனம் எனக்கு மிக அருகில் வந்துவிட்டது.

இனி, விசாரிக்கப்படாத ஃபார்வர்டுகளையும் குழுவின் நோக்கத்திற்குப் புறம்பானவற்றையும் நிர்வாகிகள் நீக்குவோம். காரணத்தை அனுப்பியவருக்குத் தனியே தெரிவிப்போம். குழுவில் எவரையும் கண்டிக்க மாட்டோம். நீக்கப்பட்டது செய்திதான், அனுப்பியவரின் கண்ணியம் அன்று.

அல்லாஹ் நம் நாவையும் விரல்களையும் நன்மையில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.