இரண்டே வாக்கியம்

என் ஆயுளில் நான் செய்த மிக நீண்ட பிரசங்கம் பதினெட்டு நிமிஷம். உண்மையில் அது என் பிரசங்கமே அல்ல. எங்கள் கலாசாலைக் கருத்தரங்குக்கு விருந்தினராக வந்திருந்த கல்வெட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரைச் சபையோருக்கு அறிமுகம் செய்து வைப்பது மட்டுமே எனக்கு இட்ட வேலை.

"இவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று ஆரம்பித்தேன். தேவையில்லாத அதைத்தான் பதினெட்டு நிமிஷம் செய்தேன்! அவர் பிறந்த ஊர், பெற்ற பட்டங்கள், எழுதிய நூல்கள் எல்லாவற்றையும் அடுக்கினேன். போதாதென்று, அவர் பேச வந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைப் பற்றி முந்தின இரவு நான் படித்ததையும் கொட்டித் தீர்த்தேன். பெரியவர் முதலில் புன்னகை புரிந்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு கடியாரத்தைப் பார்த்தார். மாலை வண்டியைப் பிடிக்க வேண்டியவர் அவர். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபையார் தேர்தல் விதிகளைக் கல்லில் பொறித்த கதையைச் சொன்னார். ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறு பையனைக் கொண்டு எடுக்கச் செய்ததையும் சொன்னார். யாருடைய பெயரை எழுதக் கூடாது என்ற சுவையான பகுதிக்கு வருமுன் வண்டிக்கு நேரமாகி விட்டது. "மீதியை அடுத்த முறை சொல்கிறேன்" என்று விடைபெற்றார். அடுத்த முறை என்பது வரவேயில்லை. மறு வருஷம் அவர் காலமானார்.

சில ஆண்டுகள் கழித்து, அதே விஷயத்தைப் பற்றிப் பேச வேறோர் அறிஞர் இசைந்தார். அறிமுகம் மறுபடியும் என் தலையில் விழுந்தது. இம்முறை அவருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி, இரண்டு விஷயம் கேட்டேன். தங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது? தாங்கள் செய்தவற்றுள் எந்த ஒன்றைச் சொன்னால் மகிழ்வீர்கள்? "பட்டங்களை விட்டு விடுங்கள். கோவில் சுவரில் படியெடுத்ததைச் சொல்லுங்கள், போதும்" என்று பதில் வந்தது.

நான் சபையில் சொன்னது இதுதான்:

"உத்தரமேரூர்க் கோவில் சுவரின் முன் வெயிலில் நின்று, அங்குள்ள தேர்தல் விதிகளை எழுத்தெழுத்தாகப் படியெடுத்தவர் இன்று நம்மிடையே இருக்கிறார், அவருக்கு நம் எல்லோர் சார்பிலும் மனமார்ந்த நல்வரவு. குடத்தில் இடும் ஓலையில் யார் பெயர் கூடாது என்று இந்தக் கலாசாலை சில ஆண்டுகளாகக் காத்திருக்கும் கேள்விக்கு விடை சொல்ல, பேராசிரியர் இன்னார் அவர்களை அன்புடன் அழைக்கிறேன்."

'இன்னார்' என்ற இடத்தில் அவருடைய பெயரைச் சொன்னேன். பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பெயர் காதில் விழுந்ததும் சபை கை தட்டும். அதற்குப் பிறகு சொல்வது ஒருவர் செவியிலும் ஏறாது. 'மாமேதை', 'ஒப்பற்றவர்' என்று எழுதி வைத்திருந்ததை அடித்து விட்டேன். அவை யாருக்கும் பொருந்தும். வெயிலும் சுவரும் அவர் ஒருவருக்கே உரியவை. விடையை நான் படித்திருந்தேன். ஆயினும் நாவை அடக்கிக் கொண்டேன். அரை நிமிஷத்துக்குள் நாற்காலிக்குத் திரும்பினேன்.

அவர் நிதானமாகப் பேசினார். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்ற விதியை அவர் படித்ததும் மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பதினெட்டு நிமிஷத்துக்குக் கணக்குக் காட்டாத நான், தலையைக் குனிந்து கொண்டேன்.