அண்ணாச்சி கடை கேமரா நோட்டீஸ்

பிரேசர் டவுனில் எங்கள் வீட்டு மளிகை எல்லாம் ஒரு அண்ணாச்சி கடையில்தான். போன ஞாயிற்றுக்கிழமை பில் போடும்போது சொன்னார். "சார், கேமராவுக்கு ஒரு நோட்டீஸ் தமிழ்ல எழுதிக் கொடுங்க. கன்னடத்துல பக்கத்து மெடிக்கல்காரர் எழுதித் தர்றேன்னார்."

காரணம் இருந்தது. கல்லாவில் பர்ஸை மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு அம்மா, பதினைந்து நாள் கழித்து வந்து கேட்டிருக்கிறார். தேடினால் அந்த நாள் பதிவே இல்லை. சந்தேகம் கல்லா பக்கம் நிற்கும் பையன் மேல் விழுந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஒரு மாசம் இருக்கும்னு கேமரா மாட்டினவன் சொன்னானே சார்!"

பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். (வங்கிக்காரன் புத்தி, எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாது!) இருந்தது பதினோரு நாள் பதிவு மட்டும். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது. நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு கேமரா ஒரு நாளில் சுமார் 21.6 ஜிபி எழுதும். நாலு கேமராவுக்கு 86 ஜிபி. உள்ளே இருப்பது 1 டிபி டிஸ்க். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும், யாரிடமும் சொல்லாது. முப்பது நாளுக்கு 3 டிபியாவது வேண்டும்.

கர்நாடகத்தின் 2017 சட்டம் முப்பது நாள் வைத்திருக்கச் சொல்வது, ஒரே நேரத்தில் நூறு பேரோ ஒரு நாளில் ஐந்நூறு பேரோ கூடும் இடங்களுக்கு. அண்ணாச்சி கடை அவ்வளவு பெரியதில்லை. அதனால் இருப்பதையே எழுதலாம் என்றேன்.

அடுத்தது, யார் பார்ப்பது? "நான் மட்டும்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மகன் போனிலும் தெரியும் என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டதில், பாஸ்வேர்டு கேமரா மாட்டினவன் வைத்ததாம், இன்று வரை மாற்றவில்லையாம். அப்படியானால் அவனும் பார்க்கலாமே! அங்கேயே மாற்ற வைத்தேன்.

எங்கள் வங்கித் தொழிலிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினேன். லாக்கர் அறைக்குள் போவோர் வருவோர் பதிவை 180 நாளாவது வைத்திருக்க ரிசர்வ் வங்கி 2021-ல் உத்தரவிட்டது. திருட்டு என்று புகார் வந்தால் போலீஸ் விசாரணை முடிந்து தகராறு தீரும் வரை அழிக்கக் கூடாது. கடைக்கும் அதுதானே தேவை?

கடைசியில் எழுதியது இது:

"திருட்டைத் தடுக்கவும், தொலைந்த பொருளைத் தேடவும் இங்கே 4 கேமராக்கள் உள்ளன. பதிவு 10 நாள் மட்டுமே இருக்கும். கடை உரிமையாளரும் அவர் மகனும் பார்ப்பார்கள். போலீஸ் எழுத்தில் கேட்டால் தரப்படும். பொருள் தொலைந்தால் 10 நாளுக்குள் சொல்லுங்கள். அந்த நாள் பதிவைத் தனியே எடுத்து வைப்போம்."

'10 நாள்' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது அந்தப் பையன்தான். ஒட்டியதும் அவனேதான், கல்லாவுக்கு நேர் மேலே.